அத்தியாயம் 6: பேமென்ட் லிங்க் - ஒரு ஆர்டருக்கு ஒரு லிங்க்

வாட்ஸ்அப்பில் விற்பவர்களின் மாலை நேரம் பெரும்பாலும் ஒரே மாதிரி கழிகிறது. ஒரு பக்கம் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகள், இன்னொரு பக்கம் வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்கள். இரண்டையும் ஒட்டிப் பார்த்து, எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு வந்தது என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் மூன்று பேர் 1,250 ரூபாய் அனுப்பியிருப்பார்கள். வங்கிச் செய்தியில் இருக்கும் பெயர் வாங்கியவரின் பெயராகவும் இருக்காது. கணவர் கணக்கிலிருந்தோ மகன் கணக்கிலிருந்தோ பணம் வந்திருக்கும். பேமென்ட் லிங்க் தீர்த்து வைப்பது இந்தக் குழப்பத்தைத்தான். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி லிங்க், தனி எண் என்று போட்டுவிட்டால், வந்த பணம் தானாகவே உரிய ஆர்டரில் போய் உட்காரும்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறார் ஒரு பெண். சேலை 1,150 ரூபாய், கூரியர் 100 ரூபாய், மொத்தம் 1,250 ரூபாய். சேவைக்கு ரேசர்பே நிறுவனத்தின் டேஷ்போர்டை எடுத்துக்கொள்கிறேன். மற்ற பேமென்ட் கேட்வே நிறுவனங்களிலும் பட்டன்களின் பெயர் மாறுமே தவிர, வேலை செய்யும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

## உங்களுக்கு லிங்க் தேவையா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். எல்லோருக்கும் லிங்க் தேவைப்படாது.

உங்கள் சொந்த யுபிஐ ஐடியை அனுப்பி நேரடியாகப் பணம் வாங்கினால் அது உடனே கணக்கில் விழும், கட்டணம் கிடையாது. நாளைக்கு நாலைந்து ஆர்டர், எல்லோரும் தெரிந்தவர்கள் என்றால் அதுவே போதும். லிங்க் தேவைப்படுவது மூன்று சூழ்நிலைகளில்:

- ஆர்டர் எண்ணிக்கை கூடி, யார் கட்டினார்கள் என்று கண்டுபிடிக்க நேரம் செலவாகும்போது.
- வாங்குபவர் கிரெடிட் கார்டிலோ நெட் பேங்கிங்கிலோ கட்ட விரும்பும்போது.
- அறிமுகமில்லாதவர் வாங்கும்போது. லிங்க்கைத் திறந்தால் உங்கள் கடைப் பெயர், பொருள், தொகை மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும். அவருக்கும் நம்பிக்கை வரும்.

இந்த வசதிக்குக் கட்டணம் உண்டு. ரேசர்பேயின் வழக்கமான திட்டத்தில் தொகையில் 2 சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். நம் சேலைக்கு இப்படி வரும்:

- வாடிக்கையாளர் கட்டுவது: 1,250 ரூபாய்
- கட்டணம் 2 சதவீதம்: 25 ரூபாய்
- அந்த 25 ரூபாய்க்கு ஜிஎஸ்டி: 4.50 ரூபாய்
- உங்கள் கணக்குக்கு வருவது: 1,220.50 ரூபாய்

ஒரு சேலைக்கு 29.50 ரூபாய் போகிறது. சேலைக்கு விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் நேரத்தில் "லிங்க் சார்ஜ் 30 ரூபாய்" என்று தனியாகக் கேட்டால், வாங்க வந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். நீங்கள் சேரும் திட்டத்தின் கட்டண விவரத்தைக் கணக்கு தொடங்கும்போதே ஒருமுறை படித்துவிடுங்கள். கார்டு வகையைப் பொறுத்து விகிதம் மாறலாம்.

குறிப்பு: சிலர் `upi://pay?pa=` என்று தொடங்கும் யுபிஐ முகவரியைத் தாங்களே தயாரித்து வாட்ஸ்அப்பில் ஒட்டுகிறார்கள். இப்படித் தொடங்கும் முகவரியை வாட்ஸ்அப் லிங்க்காக மாற்றாது. அது வெறும் எழுத்தாகக் கிடக்கும், தொட்டால் எதுவும் திறக்காது. அந்த வழியில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. பான் கார்டு. நிறுவனமாகப் பதிவு செய்யாதவர்கள் தனிநபராக, தங்கள் சொந்தப் பான் எண்ணிலேயே விண்ணப்பிக்கலாம்.
2. முகவரிச் சான்று. ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்று.
3. வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும். கணக்கில் இருக்கும் பெயரும் பான் கார்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.
4. விற்பனை நடக்கும் இடம். வலைத்தளம் இல்லாவிட்டால் உங்கள் இன்ஸ்டாகிராம் அல்லது ஃபேஸ்புக் பக்கத்தைக் குறிப்பிடலாம். பக்கத்தில் பொருளின் படமும் விலையும் இருக்கட்டும்.

விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் மூன்றாவது இடத்தில்தான். பான் கார்டில் அப்பா பெயரின் முதலெழுத்தோடும், வங்கியில் கணவர் பெயரோடும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். அப்படி இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே வங்கிக்குப் போய்ப் பெயரைச் சரிசெய்துவிடுங்கள். கணவர் கணக்கைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சரிபார்ப்பில் பெயர் பொருந்தாவிட்டால், வாடிக்கையாளர்கள் கட்டிய பணமே உங்கள் கைக்கு வராமல் நிறுத்தி வைக்கப்படலாம்.

விண்ணப்பிக்கும்போது "கடைப் பெயர்" கேட்பார்கள். வாடிக்கையாளருக்கு எந்தப் பெயரில் உங்களைத் தெரியுமோ அதையே கொடுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் அவர் பார்க்கப்போவது அந்தப் பெயரைத்தான். வாட்ஸ்அப்பில் ஒரு பெயரும் பணப் பக்கத்தில் வேறு பெயரும் இருந்தால் அவர் தயங்குவார். தயங்குவதும் நியாயம்தான்.

## லிங்க் உருவாக்கும் முறை

ஆர்டர் உறுதியான பிறகுதான் லிங்க் போட வேண்டும். என்ன நிறம், எத்தனை, எந்த முகவரி, கூரியர் எவ்வளவு என்ற நான்கும் பேசி முடிந்திருக்க வேண்டும். "லிங்க் அனுப்பறேன், பிடிச்சா கட்டுங்க" என்று முன்கூட்டி அனுப்பினால், நீங்கள் வேறு ஒருவருக்கு விற்றுவிட்ட சேலைக்கு இவர் நள்ளிரவில் பணம் கட்டி வைத்திருப்பார்.

1. டேஷ்போர்டில் நுழைந்ததும், மேலே `Test Mode` என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் `Live Mode` என்று மாற்றுங்கள். சோதனை நிலையில் போட்ட லிங்க் உண்மை லிங்க் போலவே இருக்கும். ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட வராது.

2. இடது பக்கப் பட்டியலில் `Payment Links` என்பதைத் தொட்டு, `Create Payment Link` என்பதை அழுத்துங்கள். எந்த வகை என்று கேட்டால் சாதாரண வகையையே தேர்ந்தெடுங்கள். யுபிஐக்கு மட்டுமான வகையில் கார்டு, நெட் பேங்கிங் வராது. முன்பணம் வாங்கும் வசதியும் இருக்காது.

3. தொகையை நிரப்புங்கள். கூரியரையும் சேர்த்த மொத்தத் தொகை, 1,250. எழுதிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். லிங்க் உருவான பிறகு தொகையை மாற்ற முடியாது. தவறாகிவிட்டால் அந்த லிங்க்கை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

4. எதற்கான பணம் என்ற இடத்தில் பொருளைத் தெளிவாக எழுதுங்கள். "சேலை" என்று மட்டும் எழுதினால் போதாது. "சுங்குடிச் சேலை, மாம்பழ மஞ்சள், 1 எண்ணம், கூரியர் உட்பட" என்று எழுதுங்கள். பின்னாளில் "நான் பச்சைதானே கேட்டேன்" என்ற பேச்சு வந்தால், அவர் பணம் கட்டிய பக்கத்திலேயே பதில் இருக்கும்.

5. `Reference ID` என்ற இடத்தில் உங்கள் ஆர்டர் எண்ணைப் போடுங்கள். இதைக் காலியாக விடாதீர்கள். இந்த அத்தியாயத்தின் உயிரே இந்தச் சிறு பெட்டியில்தான் இருக்கிறது. மாதம், தேதி, அன்றைய வரிசை எண் என்று ஒரு முறையை வகுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி வந்த மூன்றாவது ஆர்டருக்கு `0812-03`. இதே எண்ணை ஆர்டர் நோட்டிலும் பார்சல் மேலும் எழுதுங்கள். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொரு லிங்க்குக்குக் கொடுத்தால் டேஷ்போர்டு ஏற்காது. அது நல்லதுதான், இரண்டு ஆர்டர் ஒரே எண்ணில் கலக்க வழியில்லை. அடுத்த ஆண்டு அதே தேதி மீண்டும் வரும்போது எண்ணுக்கு முன்னால் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. வாடிக்கையாளரின் கைபேசி எண்ணை நிரப்புங்கள். எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்பவா என்று கேட்கும். வாட்ஸ்அப்பில் நீங்களே அனுப்பப் போகிறீர்கள் என்றாலும் இதையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் "உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் வரும், இரண்டும் ஒரே லிங்க்தான்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து வேறு யாரோ அனுப்பியது என்று பயப்படுவார்கள்.

7. காலாவதி நேரத்தைக் குறியுங்கள். நீங்கள் எதுவும் குறிக்காவிட்டால் லிங்க் ஆறு மாதம் உயிரோடு இருக்கும். ஒரே ஒரு உருப்படி இருக்கும் சேலைக்கு ஆறு மாத லிங்க் என்பது வம்பு. அன்றிரவு 9 மணி அல்லது மறுநாள் மதியம் என்று வையுங்கள். அதற்குள் கட்டாவிட்டால் லிங்க் தானாக மூடிக்கொள்ளும். சேலையை நீங்கள் அடுத்தவருக்குத் தரலாம்.

8. உருவாக்கும் பட்டனை அழுத்தினால் `rzp.io` என்று தொடங்கும் சிறிய முகவரி கிடைக்கும். அதை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கவனம்: முதல் முறை லிங்க் போடுபவர்கள், வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் 10 ரூபாய்க்கு ஒரு லிங்க் போட்டு, வீட்டில் இருக்கும் வேறொருவர் கைபேசியிலிருந்து கட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர் கண்ணில் என்ன தெரிகிறது, கட்டியபின் உங்களுக்கு எந்தத் தகவல் எங்கே வருகிறது என்பது இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும்.

## வாட்ஸ்அப்பில் அனுப்பும் முறை

வெறும் லிங்க்கை மட்டும் அனுப்பாதீர்கள். மோசடி லிங்க்குகளைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். விளக்கம் இல்லாமல் ஒரு முகவரி வந்தால் திறக்க மாட்டார்கள். செய்தியில் ஆர்டர் எண், பொருள், தொகை, கடைசி நேரம் ஆகிய நான்கும் இருக்கட்டும்:

```
வணக்கம்ங்க. உங்க ஆர்டர் 0812-03
சுங்குடிச் சேலை, மாம்பழ மஞ்சள் - 1
சேலை 1,150 + கூரியர் 100 = 1,250 ரூபாய்

பணம் கட்ட:
https://rzp.io/rzp/xxxxxxx

இன்று இரவு 9 மணி வரை இந்த லிங்க் வேலை செய்யும்.
பணம் வந்ததும் நானே உங்களுக்குச் சொல்றேன்.
ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப வேண்டாம்.
```

இதில் லிங்க் தனி வரியில் இருப்பதைக் கவனியுங்கள். தமிழில் எழுதும்போது இது மிக முக்கியம். முகவரியோடு "ஐ", "இல்" என்று வேற்றுமை உருபை ஒட்டி எழுதினால், அந்தத் தமிழ் எழுத்தும் முகவரியின் பகுதியாகிவிடும். தொட்டால் பக்கம் கிடைக்கவில்லை என்று வரும். லிங்க் முடிந்ததும் புள்ளிகூட வைக்காதீர்கள்.

இந்த வாசகத்தை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் `Quick replies` என்ற வசதி இருக்கிறது. வாசகத்தை அதில் சேமித்து, ஒரு சுருக்கப் பெயர் கொடுத்துவிட்டால், உரையாடலில் `/` என்று தட்டி அதை எடுத்துக்கொள்ளலாம். எண், பொருள், தொகை, லிங்க் ஆகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். அதே செயலியில் உரையாடல்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டவும் வழி உண்டு. லிங்க் அனுப்பியதும் `Pending payment`, பணம் வந்ததும் `Paid` என்று மாற்றுங்கள். இரவில் `Pending payment` சீட்டை மட்டும் திறந்து பார்த்தால், யாருக்கு நினைவூட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

### அனுப்பும்போது அடிக்கடி நடக்கும் மூன்று தவறுகள்

குழுவில் லிங்க் போடுவது. ஒரு ஆர்டருக்குப் போட்ட லிங்க் ஒரு முறைதான் பணம் வாங்கும். குழுவில் போட்டால் முதலில் தொட்டவர் கட்டிவிடுவார். உண்மையில் ஆர்டர் கொடுத்தவர் திறக்கும்போது ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று காட்டும். குழுவில் படமும் விலையும் மட்டும் போடுங்கள். லிங்க் எப்போதும் தனிச் செய்தியில்தான் போக வேண்டும்.

பழைய லிங்க்கை மீண்டும் அனுப்புவது. அதே விலை, அதே சேலை என்றாலும் புதிய ஆர்டருக்குப் புதிய லிங்க்தான்.

லிங்க் நீல நிறமாக மாறவில்லை என்று விட்டுவிடுவது. உங்கள் எண்ணைச் சேமிக்காத புதியவருக்கு நீங்கள் முதல் செய்தியாகவே லிங்க் அனுப்பினால், பாதுகாப்புக்காக வாட்ஸ்அப் அதைத் தொட விடாமல் வைத்திருக்கலாம். அவர் உங்கள் எண்ணைச் சேமித்தாலோ, "சரி" என்று ஒரு பதில் அனுப்பினாலோ லிங்க் வேலை செய்யும்.

## பணம் வந்ததா? எங்கே பார்ப்பது?

பார்சல் கட்டும் முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். டேஷ்போர்டில் அந்த ஆர்டர் எண்ணுக்கு நேரே `Paid` என்று இருக்க வேண்டும்.

1. `Payment Links` பட்டியலைத் திறந்து ஆர்டர் எண்ணைத் தேடுங்கள்.
2. நிலையைப் பாருங்கள். `Created` என்றால் இன்னும் கட்டவில்லை. `Partially Paid` என்றால் ஒரு பகுதிதான் வந்திருக்கிறது. `Expired` என்றால் நேரம் முடிந்துவிட்டது. `Paid` என்றால் முழுத் தொகையும் வந்துவிட்டது.
3. உள்ளே போய்த் தொகையையும் `pay_` என்று தொடங்கும் பேமென்ட் எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணை ஆர்டர் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ரீஃபண்ட், புகார் எதுவானாலும் இந்த எண்தான் கேட்பார்கள்.
4. வாடிக்கையாளருக்கு "1,250 ரூபாய் வந்தது, நாளை பார்சல் போகும்" என்று நீங்களே செய்தி அனுப்புங்கள்.

"அக்கா, பணம் போட்டாச்சு, ஸ்க்ரீன்ஷாட் பாருங்க" என்று வரும். ஸ்க்ரீன்ஷாட் படம்தானே தவிர பணமாகாது. பணம் போனதாகப் போலிப் படம் காட்டுவதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. "பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்று பதில் போட்டுவிட்டு, டேஷ்போர்டைத் திறங்கள். அவசரப்படுத்துகிறவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் இந்த வரிசை மாறக்கூடாது.

டேஷ்போர்டில் `Paid` வந்த உடனே உங்கள் வங்கிக் கணக்கிலும் பணம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வழக்கமாக, கட்டிய நாளிலிருந்து இரண்டு வங்கி வேலை நாட்கள் கழித்துத்தான் கணக்குக்கு வரும். இடையில் ஞாயிறோ வங்கி விடுமுறையோ வந்தால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. தீபாவளிக்கு முந்தைய வாரம் நெசவாளருக்கோ மொத்தக் கடைக்கோ பணம் கொடுக்க வேண்டியிருந்தால், இந்த இடைவெளியை முன்பே கணக்குப் போட்டு வையுங்கள்.

## பெரிய ஆர்டருக்கு முன்பணம்

ஒரு வீட்டில் வளைகாப்புக்கு 12 சேலை கேட்கிறார்கள். ஒரு சேலை 1,100 ரூபாய் என்று பேசி, 13,200 ரூபாய். கூரியர் 300 சேர்த்து மொத்தம் 13,500 ரூபாய். சாயம் போட்டுத் தர பத்து நாள் ஆகும். முன்பணம் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இதற்கு இரண்டு லிங்க் போட வேண்டியதில்லை. ஒரே லிங்க்கில் பகுதி பகுதியாகக் கட்டும் வசதியை இயக்கலாம்:

1. தொகை 13,500 என்று போடுங்கள்.
2. `Partial Payment` என்பதை இயக்குங்கள்.
3. முதல் தவணையில் குறைந்தது எவ்வளவு என்று கேட்கும் இடத்தில் 5,000 என்று போடுங்கள். இதைக் காலியாக விட்டால், வெறும் 100 ரூபாய் கட்டிவிட்டு "அட்வான்ஸ் கொடுத்தாச்சு" என்று சொல்ல முடியும்.
4. காலாவதித் தேதியைப் பார்சல் அனுப்பும் நாளுக்குப் பிறகு வையுங்கள். வழக்கம்போல அன்றிரவு என்று வைத்துவிட்டால், மீதி 8,500 ரூபாயைக் கட்ட வரும்போது லிங்க் மூடியிருக்கும்.

முன்பணம் வந்ததும் நிலை `Partially Paid` என்று மாறும். மீதியைக் கட்ட வாடிக்கையாளர் அதே லிங்க்கைத் திறந்தால் போதும், 8,500 என்று அதுவே காட்டும். `Paid` ஆன பிறகு பார்சலை அனுப்புங்கள். இந்த ஆர்டருக்கு மொத்தக் கட்டணம் 270 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 48.60, ஆக 318.60 ரூபாய். பேரம் பேசி விலை குறைக்கும்போது இந்தத் தொகையையும் மனதில் வையுங்கள்.

## சிக்கல் வந்தால் என்ன செய்வது?

### "பணம் போயிடுச்சு, ஆனா ஃபெயில்னு காட்டுது"

அடிக்கடி வரும் புகார் இது. வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், உங்கள் டேஷ்போர்டில் `Created` என்றே இருக்கும். இடையில் இணையம் துண்டிக்கப்பட்டிருக்கலாம், வங்கியிலிருந்து பதில் வர தாமதமாகியிருக்கலாம்.

1. உடனே மறுபடி கட்டச் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்து டேஷ்போர்டை மீண்டும் பாருங்கள். தாமதமாக வந்து `Paid` ஆவதும் உண்டு.
2. மாறாவிட்டால், அவருடைய யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனைக்கு இருக்கும் 12 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து பேமென்ட் நிறுவனத்தின் உதவிப் பிரிவில் கேட்கலாம்.
3. பணம் உங்களுக்கு வரவில்லை என்றால் அது அவருக்கே திரும்பிப் போகும். கடைக்குக் கட்டும் யுபிஐ பணம் இப்படி நடுவில் சிக்கினால், ஐந்து நாட்களுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. இதை வாடிக்கையாளரிடம் சொன்னால் அவர் பதற்றம் குறையும்.
4. இந்த நிலையில் நீங்கள் கையிலிருந்து பணம் திருப்பித் தராதீர்கள். வராத பணத்தை நீங்கள் கொடுத்தால், வங்கியும் திருப்பும்போது அவருக்கு இரண்டு முறை போய்விடும்.

### ரீஃபண்ட் கொடுப்பது

சேலையில் சாயம் பரவியிருக்கிறது, திருப்பித் தர வேண்டும். டேஷ்போர்டில் அந்த `pay_` எண்ணைத் திறந்து `Refund` அழுத்துங்கள். முழுத் தொகையோ ஒரு பகுதியோ கொடுக்கலாம். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே போகும். சாதாரணமாக 5 முதல் 7 வேலை நாள் ஆகும். இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலில் பிடித்த கட்டணம் உங்களுக்குத் திரும்ப வராது. 1,250 ரூபாயை முழுதாகத் திருப்பினால் 29.50 ரூபாய் உங்கள் நஷ்டம். பார்சல் கட்டும் முன் சேலையை விரித்து ஒருமுறை பார்த்துவிடுவது அந்தக் காசையும் மிச்சப்படுத்தும்.

## ஏமாற்றுபவர்களிடமிருந்து காத்துக்கொள்வது

பணம் வாங்க பின் எண் தேவையில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்பறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் திருடர். யுபிஐயில் பின் எண் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும், வராது. பெரிய ஆர்டர் கொடுத்து, விலையே பேசாமல், "எங்க ஆபீஸ் முறைப்படி நாங்கதான் லிங்க் அனுப்புவோம்" என்பவர்களும் இந்த வகைதான். உங்கள் கடையில் லிங்க் போடுவது நீங்கள் மட்டும்தான்.

"கூடுதலாகப் போட்டுவிட்டேன்." 1,250க்குப் பதில் 12,500 கட்டிவிட்டதாகச் சொல்லி, மீதியை வேறு எண்ணுக்கு அனுப்பச் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், லிங்க்கில் தொகையை நீங்கள்தான் பூட்டியிருக்கிறீர்கள். அதற்கு மேல் அவரால் கட்டவே முடியாது. எந்தக் காரணம் சொன்னாலும், ரீஃபண்ட் என்பது `Refund` பட்டன் வழியாக மட்டுமே, வந்த கணக்குக்கு மட்டுமே.

உங்கள் பெயரில் போலி லிங்க். உங்கள் படங்களை எடுத்து வேறு எண்ணிலிருந்து விற்பதும் நடக்கிறது. "எங்கள் லிங்க் இந்த ஒரு எண்ணிலிருந்து மட்டும் வரும், `rzp.io` என்றுதான் தொடங்கும், திறந்தால் எங்கள் கடைப் பெயர் இருக்கும்" என்று உங்கள் வாட்ஸ்அப் பிசினஸ் விவரப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

டேஷ்போர்டின் ஓடிபி. வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள். அது கையில் இருந்தால் பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கையே மாற்ற முயல்வார்கள். உதவிக்கு ஆள் வைத்திருந்தால் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், டேஷ்போர்டில் அவருக்கென்று தனி நுழைவு உருவாக்கிக் கொடுங்கள்.

பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் பதியுங்கள். திருடரின் கணக்கிலிருந்து பணம் வெளியே எடுக்கப்படும் முன் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி பிறக்கும். அதனால் முதல் சில மணி நேரம் மிக முக்கியம்.

## வாரத்துக்கு ஒருமுறை கணக்கு

வங்கிக் கணக்கில் பணம் ஆர்டர் ஆர்டராக வந்து விழாது. ஒரு நாளின் பல ஆர்டர்கள் சேர்ந்து, கட்டணம் கழித்து, ஒரே தொகையாக வரும். மூன்று பேர் தலா 1,250 ரூபாய் கட்டியிருந்தால் பாஸ்புக்கில் 3,661.50 என்று ஒரு வரிதான் இருக்கும். இதைப் பார்த்து "பணம் குறைகிறதே" என்று குழம்ப வேண்டாம்.

1. டேஷ்போர்டில் `Settlements` பகுதியைத் திறங்கள். ஒவ்வொரு தொகைக்குள்ளும் எந்தெந்த பேமென்ட் அடங்கியிருக்கிறது, எவ்வளவு கட்டணம் கழிந்தது என்று விரித்துக் காட்டும்.
2. அங்கே இருக்கும் யுடிஆர் எண்ணைப் பாஸ்புக்கில் தேடி, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.
3. ஆர்டர் நோட்டில் அந்த ஆர்டர்களுக்கு நேரே "கணக்கில் வந்தது" என்று குறியிடுங்கள்.
4. வார முடிவில் குறி இல்லாத ஆர்டர் இருந்தால் அதை மட்டும் விசாரியுங்கள்.

நோட்டில் ஐந்து பத்திகள் போதும்: ஆர்டர் எண், பெயர், தொகை, `pay_` எண், கணக்கில் வந்த தேதி. வருமான வரிக் கணக்குக்கும் இதுவே ஆதாரம். வருமானமாகக் காட்ட வேண்டியது பாஸ்புக்கில் இருக்கும் 3,661.50 அல்ல, வாடிக்கையாளர்கள் கட்டிய 3,750. கழிந்த 88.50 உங்கள் வியாபாரச் செலவு.

நாளை வரும் முதல் ஆர்டரிலிருந்தே இந்த முறையைத் தொடங்குங்கள். பழைய ஆர்டர்களை இதற்குள் இழுக்க வேண்டாம், அவை பழைய வழியிலேயே முடியட்டும். ஆர்டர் எண் இல்லாமல் லிங்க் போடாதீர்கள். `Paid` என்று பார்க்காமல் பார்சலை வாசல் தாண்ட விடாதீர்கள்.